தொண்டைக்குள் விட்ட கை

தோப்பூரில் ஒரு மாட்டின் தொண்டையில் ஏதாவது சிக்கிவிட்டால் என்னைக் கட்டின மாப்பிள்ளை சரீபைத்தான் கூப்பிடுவார்கள். பனங்கொட்டையோ மாங்கொட்டையோ, வாய்க்கு நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்துப் பிடிக்க ஓர் ஆள் இருந்தால் போதும், தோள்வரைக்கும் கையை விட்டு எடுத்துவிடுவார். அதற்கு ஒரு சதம் வாங்கமாட்டார். பேர்தான் வாங்குவார். பேர் என்றால் அந்த மனிசருக்கு அப்படி ஓர் ஆசை.

அதே மனிசருக்கு ஊசியென்றால் உயிர் போய்விடும். அம்மை குத்துகிறவர்கள் ஊருக்கு வந்தபோது நெல்மூட்டைகளுக்குப் பின்னால் பகல் முழுக்க ஒளிந்திருந்தவர் அவர். கலியாணம் முடித்த புதிதில் இதை அவருடைய உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேவைப்படும்போது எடுத்து விடலாம் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

எங்களிடம் ஒரு பட்டி எருமை இருந்தது. அவர் மேய்ப்பார், நான் தயிர் போடுவேன். தயிர் உறைந்த மண்முட்டிகள் பஸ்ஸில் மூதூருக்குப் போய், அங்கிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போகும். றஹ்மாவின் தயிரைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது என்று பட்டணத்துக் கடைக்காரர்கள் சொல்வார்களாம். இது நானாகச் சொல்வதில்லை, அவர்கள் சொன்னது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பட்டிக்குத் தெற்கே இருந்த காட்டை வெட்டினார்கள். குடியேற்றத்துக்கும் வயலுக்குமாக மிசின்கள் வந்து மரங்களைத் தள்ளிக் குவித்துவிட்டுப் போயின. பொய் சொல்லக்கூடாது, எங்களுக்குச் சந்தோசம்தான். வெட்டின இடமெல்லாம் இளம்புல் முளைத்தது. எருமைகள் தின்று கொழுத்தன, பாலும் பொங்கியது. காட்டைப் பற்றி அப்போது யாரும் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நரிகள்தான் கொஞ்சம் தொந்தரவு. முன்பு தூரத்தில் ஊளையிட்டவை, இப்போது தள்ளிப்போட்ட மரக்குவியல்களுக்குள் குட்டி போட்டுக்கொண்டு பட்டியடிக்கே வந்தன. எங்கள் நாய்களும் அவையும் இரவிரவாகக் கடிபட்டுக்கொள்ளும்.

காட்டோடு சேர்ந்து போன இன்னொன்று, விளிம்பில் நின்ற பெரிய ஆலமரம். எருமை கன்று போட்டால் பின்னால் விழுகிற நஞ்சை, இளங்கொடி என்போம், ஒரு பழைய பனையோலை உமலில் போட்டுக் கட்டி அந்த ஆலில் உயரமாகத் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் வடியும் என்பார்கள். ஆலும் போனபிறகு கட்ட மரம் இல்லை. அதற்காக வழக்கத்தை விட முடியுமா? எல்லோரும் உமலைப் பட்டி வேலிக்கட்டையில் கட்டத் தொடங்கினார்கள். நம்முடைய கைக்கு எட்டுகிற இடம் நரியின் வாய்க்கும் எட்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுட்டி என்று நாங்கள் கூப்பிடுகிற எருமை கன்று போட்டதும் அப்படித்தான் கட்டினோம். விடிந்து பார்த்தால் உமல் கிழிந்து கிடந்தது. கன்றுக்கு ஒன்றுமில்லை. ஆனால் சுட்டியின் மூஞ்சியில் கடி, இரத்தம் காய்ந்திருந்தது. தாய்மாடு தன் கன்றை நரி அண்ட விடுமா? நன்றாகச் சண்டை பிடித்திருக்கிறது என்று இவர் அதன் நெற்றியைத் தட்டிப் புகழ்ந்தார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினோம். புண் ஆறியது, நாங்களும் மறந்துபோனோம்.

ஒரு பிறை கழிந்து அடுத்த பிறையும் கண்டாயிற்று. ஒரு நாள் காலையில் சுட்டி புல்லைத் தொடவில்லை. வாயிலிருந்து நூல்நூலாக வீணீர் வடிந்தது. குரல் கம்மிப்போய், ஒரு மாதிரி இழுத்து இழுத்துக் கத்தியது. தண்ணீர்த் தொட்டிக்குள் மூஞ்சியை வைத்தது, ஆனால் ஒரு மிடறும் இறங்கவில்லை. இவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார், பனங்கொட்டை என்று. பனம்பழக் காலம்தான், சந்தேகப்பட ஒன்றுமில்லை.

முதலில் நான் உள்ளியும் மிளகும் இடித்து நல்லெண்ணெயில் கலக்கி, மூங்கில் குழாய்க் கொட்டத்தில் ஊற்றி அதன் கடைவாயில் வைத்துப் பருக்கினேன். பருக்கினதில் பாதிக்கு மேல் வீணீரோடு என் கைவழியே திரும்பி வழிந்தது. பிறகு இவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை விட்டார். துழாவித் துழாவிப் பார்த்தார், ஒன்றுமில்லை. அதிலே அவருக்கு ரோசம் வந்துவிட்டது. திரும்பவும் விட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் மாட்டு டொக்டர் பாக்கியரத்தினம் மூதூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பக்கம். நல்ல மனிசர், ஆனால் அவருக்கும் பேர் ஆசை உண்டு. திருகோணமலையில் அரசாங்கக் கச்சேரியில் டொக்டர்மாருக்கும் விவசாயப் பகுதிக்காரருக்கும் ஒரு கூட்டம் வருகிறதாம். காடு வெட்டுகிற இடங்களில் காட்டு மிருகத்திடமிருந்து மாட்டுக்கும் மாட்டிடமிருந்து ஆளுக்கும் நோய் எந்தெந்த வழியால் வருகிறது என்று, உலகத்தில் எழுதினதையெல்லாம் படித்துச் சுருக்கி அவர் அங்கே பேசவேண்டும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் புத்தகமும் கடதாசியுமாக அடைத்துக்கொண்டு, அதைப் பற்றியே கதைத்தபடிதான் இறங்கினார். இறங்கி, சரீபுக்கு அகப்படாத பனங்கொட்டை தனக்கு அகப்படும் என்று அவரும் கையை விட்டார்.

உள்ளே போன கை அப்படியே நின்றது. அவருடைய முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிருள்ள மாட்டின் தொண்டை உள்ளே வந்த கையை நெரிக்க வேண்டுமாம். இது கிழிந்த சாக்குப்போலச் சும்மா கிடந்ததாம். கையை மெதுவாக வெளியே எடுத்தார்.

"தங்கச்சி, இந்த மாட்டை ஏதாவது கடிச்சதோ?" என்று என்னிடம் கேட்டார்.

நான் நரியைச் சொன்னேன். டொக்டர் நேரே கிணற்றடிக்குப் போனார். சவர்க்காரம் கேட்டார். தானும் கழுவி, இவரையும் இழுத்துவைத்து, தோளிலிருந்து நகக்கண் வரைக்கும் நுரைக்க நுரைக்கத் தேய்த்தார். கட்டி கரைந்து தேய்கிற வரைக்கும் விடவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னார். சுட்டிக்கு வந்திருப்பது விசர், நாய்க்குப் பிடிக்கிற அதே வெறிநோய். விசர்பிடித்த நரி கடித்தால் மாட்டுக்கு வரும். மாட்டின் வீணீர் நம்முடைய காயத்தில் பட்டால் நமக்கும் வரும், கடிக்கத்தான் வேண்டும் என்றில்லை. வரத் தொடங்கிவிட்டால் மருந்து கிடையாது. தாகம் எடுக்கும், தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துப் பிடிக்கும், குடிக்க ஏலாது. அது வருவதற்கு முன்னம் ஊசி போட்டால் தப்பலாம். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில், இரண்டு கிழமை, பதினாலு நாளும் தவறாமல், வயிற்றில்.

வயிற்றில் என்றதும் இவருடைய முகம் வெளுத்தது. இவருடைய முழங்கை முழுக்க வேலிமுள் கிழித்த கீறல்கள். டொக்டருக்கு விரலில் ஒரு வெட்டு. வேறு யாராவது அதன் வாயைத் தொட்டார்களா என்று டொக்டர் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும்தான் என்று இவர் சொல்லிவிட்டார்.

நான் மருந்து பருக்கினதைச் சொல்லவில்லை. கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் யாரோ ஆண்களுக்கு முன்னால் வயிற்றைக் காட்டுவதா என்கிற நினைப்புத்தான் முதலில் வந்தது. உயிரை விட வெட்கம் முந்திக்கொண்டு வருகிற பிறவி நாம்.

சுட்டி அடுத்த நாளே செத்துப்போனது. டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு தலையை வெட்டி எடுத்து, துறைமுகத்து மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கிப் பெட்டியில் அடைத்து, சோதித்துப் பார்க்கக் கொழும்புக்கு ரயிலில் அனுப்பினார். உடம்பை நரி தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுத் தாட்டோம். கன்றைத் தாய் நக்கியிருக்கும் என்று அதைத் தனியே கட்டிவைக்கச் சொன்னார். பாலைப் பற்றி நான் பயந்து கேட்டேன். காய்ச்சின பாலில் அந்தக் கிருமி உயிரோடு இராது, தயிர் சாப்பிட்டவர்களுக்குப் பயமில்லை என்றார். இருந்தாலும் அன்றைக்கு இருந்த முட்டிகளையெல்லாம் நான் குழிக்குள் கவிழ்த்துவிட்டேன். அந்தத் தயிர் கவிழ்த்தபோது விழத்தான் செய்தது.

இவர் ஊசிக்குப் போகவில்லை. பக்கத்துப் பட்டிக்காரர் ஸைனுலாப்தீன் காக்கா வந்து, கடிக்காத மாட்டுக்குப் பயந்து ஊசி என்னத்துக்கு என்று ஒரு வார்த்தை சொன்னார். விழுகிறவனுக்கு வழுக்கினது சாட்டு என்ற மாதிரி இவர் அதைப் பிடித்துக்கொண்டார். டொக்டர் மூதூர் இறங்குதுறையில் லோஞ்சை மறித்துக் காத்திருந்துவிட்டு, தனியே போய் ஊசி போட்டுக்கொண்டு, பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்றாடினார். இன்சா அல்லா நாளைக்கு என்றார் இவர். அந்த நாளை வந்ததும் எருமைகளைச் சாய்த்துக்கொண்டு விடியமுன் காட்டுப்பக்கம் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் முட்டிகளை எடுத்துப் போட்டுத் தேய்த்தேன், சாம்பலும் மணலும் வைத்து. கை எரிந்தது. குனிந்து பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. வருசக்கணக்காக முட்டி தேய்த்த கை அப்படித்தான் இருக்கும், நான் அதைக் காயமென்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கொட்டத்திலிருந்து வீணீர் திரும்பி வழிந்தது இந்த வெடிப்புகளுக்குள்ளேதானே என்று அப்போதுதான் உறைத்தது. முட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டும் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தன. எனக்கு வெட்கமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

மத்தியானம் இவர் சோற்றுக்கு வந்தார். சோற்றுக்கோப்பையை முன்னால் வைக்காமல் கேட்டேன்.

"சுட்டிக்குக் கொட்டத்தில மருந்து பருக்கினது ஆரு?"

இவர் என்னைப் பார்த்தார். என் கையை இழுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உரலில் உட்கார்ந்துவிட்டார். என் மாப்பிள்ளை அழுதது அதற்கு முன்னம் நான் கண்டதில்லை.

"விடிய முதல் பஸ்ஸில போறம், புள்ள. நீ குத்திக்கொள்ளத்தான் வேணும்."

"நீங்க குத்தினாத்தான் நான் குத்துவன்" என்றேன். "நீங்க ஒளிச்சா நானும் ஒளிக்கிறன். நெல்மூட்டைக்குப் பின்னால ரெண்டு பேருக்கும் இடம் இரிக்கி."

அழுகைக்கு நடுவில் இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உம்மாவா சொன்னது என்று கேட்டார்.

அடுத்த நாள் பிள்ளைகளை என் தங்கச்சி ஜெமீலாவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். இறங்குதுறையில் என்னையும் கண்டதும் டொக்டர் முதலில் ஆச்சரியப்பட்டார், கொட்டத்துக் கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எனக்கு மறைப்புக் கட்டி ஒரு நேர்ஸ் பிள்ளைதான் ஊசி போட்டாள். எறும்பு கடித்ததை விடக் கூடுதல், தேள் கொட்டினதை விடக் குறைவு. மறைப்புக்கு அந்தப்பக்கம் என் மாப்பிள்ளை ஓதுகிற சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போட்டாராம். டொக்டருக்கு ஊசியை விட அந்தப் பிடிதான் நொந்ததாம்.

இதைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள், எனக்கு அந்த இரண்டு கிழமையும் திருநாள் மாதிரித்தான் போனது. கலியாணம் முடித்த நாளிலிருந்து இவரோடு நான் எங்கேயும் போனதில்லை. இப்போது தினமும் பஸ், லோஞ்சு, கொட்டியாரக்குடாக் காற்று. துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களையெல்லாம் பார்த்து முடித்தேன். திரும்பி வரும்போது இவர் வறுத்த கச்சான் கடலை வாங்கித் தருவார். வயிறு கட்டிகட்டியாக வீங்கி நொந்தது. மூன்று பேரும் லோஞ்சுப் பலகையில் சாயவும் ஏலாமல் குனியவும் ஏலாமல் நேராக உட்கார்ந்திருப்போம்.

டொக்டர் தன்னுடைய கூட்டப் பேச்சை எங்களிடம்தான் ஒத்திகை பார்த்தார். அவர் சுருக்கினதை நான் என் வாயால் சொல்கிறேன். காட்டு மிருகத்தின் நோய் நம்மிடம் வர நாலைந்து வழி இருக்கிறதாம். நேரே கடித்து வருவது ஒன்று. நீரால் வருவது இன்னொன்று. எலியும் மாடும் மூத்திரம் பெய்த வயல்தண்ணீருக்குள் வெடித்த காலோடு நின்றால் ஒரு காய்ச்சல் வரும். உண்ணியும் தெள்ளும் நுளம்பும் கொண்டுவருவது வேறு. வௌவால் கடித்துப் போட்ட பழத்தை மாடும் தின்னும், நம் பிள்ளையும் தின்னும், சில ஊர்களில் அதாலும் நோய் வரலாமென்று சில பேர் சந்தேகப்படுகிறார்களாம், இன்னும் ஒருவரும் நிச்சயமாகக் கண்டதில்லையாம். எல்லாவற்றையும் விட லேசான வழி, நடுவில் நிற்கிற வீட்டு மிருகம். நரியை நாம் தொடமாட்டோம், மாட்டைத் தொடுவோம், நாயைத் தொடுவோம்.

காட்டை வெட்டினால் மிருகம் குறையும், அப்படியென்றால் நோயும் குறையவேண்டுமே என்று இவர் மடக்கினார். நல்ல கேள்விதான். டொக்டர் விளிம்பு, விளிம்பு என்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார், இவருக்குப் புரியவில்லை. என் மடியில் மத்தியானத்துக்குக் கட்டின ரொட்டி இருந்தது. அதை எடுத்து நாலாகப் பிய்த்துக் காட்டினேன். ரொட்டி கூடவில்லை, ஓரம் கூடிவிட்டது. முன்பு காட்டுக்கு ஒரு ஓரம்தான், அதில் நாங்கள் இரண்டொரு பட்டிக்காரர்தான் இருந்தோம். இப்போது எங்கே பார்த்தாலும் ஓரம். நரிக்கு ஒளிய மரக்குவியல், மாட்டுக்கு மேய இளம்புல், நடுவில் வேலிக்கட்டையில் இளங்கொடி விருந்து. டொக்டர் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்திலும் ரொட்டி கொண்டுபோகலாமோ என்று கேட்டார். தின்னாமல் வைத்திருப்பீர்கள் என்றால் சுட்டுத் தருகிறேன் என்றேன்.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் பிடித்தது. "தங்கச்சி, ஆராருக்கு ஆபத்து எண்டு நான் எழுதினதில மாடு மேய்க்கிறவனும் காடு வெட்டுறவனும் இருந்தவங்கள். மருந்து பருக்கிறவளை நான் நினைக்கவே இல்லை. மாட்டுக்கு வருத்தமெண்டால் முதல் வாறது நீங்கள்தானே."

கடைசி ஊசிகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருகிற வழியில், கொழும்பிலிருந்து மறுமொழி வந்துவிட்டதென்றார் டொக்டர். மூளையில் விசர் இருந்ததாம். அதுவரைக்கும் இவருடைய மனதில் ஒரு மூலையில், பனங்கொட்டையாகத்தான் இருக்கும், டொக்டருக்கும் அகப்படவில்லை என்ற நினைப்பு இருந்திருக்கவேண்டும். மூதூர் வந்து சேரும்வரைக்கும் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்றைக்குக் கச்சானும் வாங்கவில்லை.

ஊர் கொஞ்சம் திருந்தியது. இளங்கொடியை இப்போது ஆழத் தாட்டு மேலே கல் ஏற்றுகிறார்கள், முதல் குழி தோண்டினது ஸைனுலாப்தீன் காக்கா. பால் வற்றிவிடும் என்று பயந்தவர்களுக்கு ஒன்றும் வற்றவில்லை. டொக்டர் நாய்களுக்கெல்லாம் ஊசி போட்டார். சுட்டியின் கன்றுக்கும் ஒன்றும் வரவில்லை, வளர்ந்து பட்டியையே மிரட்டிக்கொண்டு திரிந்தது.

ஆனால் ஊசி முடிந்தது பயம் முடிந்ததாகாது. எங்களைப் போல ஊசி தொடங்கச் சுணங்கினவர்களுக்குச் சில மாதம் போனால்தான் முழு நிம்மதி என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைப் பற்றி நானும் இவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தினமும் விடியக்காலை சுபஹு தொழுகை முடிந்து இவர் வந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். தாகமில்லை என்பார். தொழுதுவிட்டு வந்தவர் வெறுவயிற்றில் தண்ணீர் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று ஏதோ ஒரு வைத்தியத்தை நானாகவே உண்டாக்கிச் சொல்வேன். குடிப்பார். அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் குசினிக்குள் போவேன்.

அதே நாட்களில் இவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. அடுப்படிப் பக்கமே வராத மனிசர், தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினார். நான் பால் கறந்துவிட்டு வரும்போது கோப்பையோடு நிற்பார். சீனி ஒரு நாள் கூடும், ஒரு நாள் மறந்துபோகும். என்னைப் பயமுறுத்தின பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறார் என்று நினைத்து, ஜெமீலாவிடம் கூடப் பீற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் தேத்தண்ணி நல்ல சூடு. ஆறட்டும் என்று கோப்பையைத் திண்ணையடியில் வைத்துவிட்டுப் பாலை வடித்துக்கொண்டிருந்தேன். இவர் போகவில்லை. எருமைகள் பட்டியில் கத்துகின்றன, வெயில் ஏறுகிறது, இவர் கோப்பையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"தேத்தண்ணியைக் குடியன், புள்ள" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கண் என் முகத்தில் இல்லை, கழுத்தில் இருந்தது. நான் தினமும் அவரைப் பார்க்கிற இடத்திலேயே அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோப்பையை எடுத்தேன். சூடாகத்தான் இருந்தது. ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.